சித்தி நபீஸா எழுதிய ஒற்றைத் தாள்

வாழைச்சேனைப் பிரதான வீதியில் இருந்த அந்தப் புடைவைக் கடையில் வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் இரண்டு தாள்கள் கிடைக்கும். ஒன்று கொழும்பிலிருந்து வரும் நியமனக் கடிதம். நான்கு பக்கம், முழுக்க ஆங்கிலம், அடியில் பெரிய கையொப்பம். மற்றது சித்தி நபீஸா நீலப் பேனையால் தமிழில் எழுதிய ஒற்றைத் தாள். கொழும்புக் கடிதத்தைப் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாமிப் படத்துக்குப் பின்னாலோ குர்ஆன் வைத்த தட்டிலோ பத்திரப்படுத்துவார்கள். நபீஸாவின் தாளைத்தான் எடுத்து எடுத்துப் படிப்பார்கள். மடித்து மடித்து நாலாய்க் கிழிந்து போன தாளோடு வந்து, "அக்கா, இன்னொண்டு எழுதித் தாங்க" என்று நிற்கிறவர்களும் உண்டு. நபீஸா முகம் சுளிக்காமல் எழுதிக் கொடுப்பார்.

ஓட்டமாவடியில் பிறந்து வளர்ந்தவர். கெட்டிக்காரி என்று ஊர் சொன்னதில்லை. சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலத்துக்குச் சாதாரண சித்தி, தப்பிப் பாஸ்தான். அதற்குப் பிறகு தட்டெழுத்து வகுப்புக்கு ஆறு மாதம் போனார், பிறகு கல்யாணம். கணவர் அஹமட் கல்குடாவில் மீன் எடுத்து லொறியில் பொலன்னறுவைக்கு அனுப்புகிறவர். சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலையும் வழக்கம்போல மீனெடுக்கத்தான் போனார். அவருடைய மையித்து மூன்றாம் நாள் கரையில் ஒதுங்கிக் கிடைத்தது. மகள் பரீனாவுக்கு அப்போது ஐந்து வயது.

அதற்குப் பிறகு நடந்ததை நபீஸா யாரிடமும் அதிகம் சொல்வதில்லை. வீடும் போய்க் கூடாரத்தில் இருந்தபோது ஓர் உதவி நிறுவனத்தார் வந்து ஆங்கிலப் படிவம் நீட்டினார்கள். தற்காலிகக் கொட்டில் தருவோம், ஒப்பமிடுங்கள் என்றார்கள். நபீஸா ஒப்பமிட்டார். நிரந்தர வீட்டுப் பட்டியல் வந்தபோது அவர் பெயர் அதில் இல்லை. கேட்கப் போனால், "நீங்கள்தானே வீடு வேண்டாம், கொட்டில் போதும் என்று எழுதித் தந்திருக்கிறீர்கள்" என்று அதே படிவத்தை எடுத்துக் காட்டினார்கள். எழுதியிருந்தது உண்மைதான். சாதாரண சித்தி எடுத்த ஆங்கிலம் அந்த வரியைத் தாண்டிப் போக விட்டிருந்தது.

வேறொருத்தி என்றால் தலையில் அடித்துக்கொண்டு விதியென்று விட்டிருப்பாள். நபீஸாவுக்குக் கோபம் வந்தது. நல்ல கோபம். பழைய பேப்பர்க் கடையில் ஆங்கிலப் பத்திரிகைகளைக் கிலோக் கணக்கில் வாங்கினார். மகளின் சமூகக்கல்விக் கொப்பிக்கு உறை போடவும் அது உதவியது என்று பிறகு சிரித்தபடி சொல்வார். அகராதியை வைத்துக்கொண்டு நாலு வருடம். தெரியாத சொல்லை விட்டுத் தாண்டுவதில்லை என்பது ஒன்றுதான் அவருடைய படிப்பு முறை. யுத்தம் முடிந்து, வீதித் தடைகள் ஒவ்வொன்றாய்க் கழன்று, கொழும்புக் கம்பனிகள் கடை திறக்க வந்த நேரம், ஒப்பந்தத்திலும் வங்கிப் படிவத்திலும் நபீஸாவை ஏமாற்ற ஓட்டமாவடியில் ஆளில்லை.

கடையில் அவருக்குக் கணக்கு எழுதும் மேசை. இரண்டாயிரத்து ஒன்பது செப்டெம்பரில் கடை திறந்த நாளிலிருந்தே அங்கே இருக்கிறார். மனேஜர் உதயரூபன் மட்டக்களப்பு நகரத்துக்காரர். முப்பத்தைந்து வயது. கெட்ட மனிதர் இல்லை. கொழும்புத் தலைமையகத்திலிருந்து தொலைபேசி அடித்தால் மட்டும் கதிரையை விட்டு எழுந்து நின்று பேசுகிற ஆள்.

முதல் தாள் எழுதப்பட்டது ஒரு சண்டையால். பதினோராயிரத்து ஐந்நூறு சம்பளம் என்று வாயால் சொல்லிப் பிள்ளைகளை எடுத்திருந்தார்கள். முதல் மாதம் கையில் பத்தாயிரத்து எழுநூறு வந்தது. ஒருநாள் லீவு எடுத்தவளுக்கு ஒன்பதாயிரத்து இருநூறு. கடைக்குள் கொந்தளிப்பு. மனேஜர் களவெடுத்துவிட்டார் என்று ஒரு பிள்ளையின் தகப்பன் வாசலில் நின்று சத்தம் போட்டார். நபீஸா கடிதத்தை வாங்கிப் படித்தார். களவு ஒன்றும் இல்லை. எல்லாம் அந்த நாலு பக்கத்துக்குள்தான் இருந்தது, ஒருவருக்கும் தெரியாமல்.

அன்றைக்கு அவர் எழுதியது இப்படி. அடிப்படைச் சம்பளம் ஒன்பதாயிரம். அரசாங்கச் சட்டப்படி நிவாரணப்படி ஆயிரம். இந்தப் பத்தாயிரத்தில் நூற்றுக்கு எட்டு, அதாவது எண்ணூறு ரூபாய், உங்கள் பெயரில் சேமிப்பாய்ச் சேமலாப நிதிக்குப் போகும். கம்பனி தன் பணத்திலிருந்து நூற்றுக்குப் பன்னிரண்டு போட வேண்டும். அதை உங்களிடம் வெட்ட முடியாது. வரவுப்படி ஆயிரத்து ஐந்நூறு, மாதம் முழுதும் வந்தால் மட்டும். ஒருநாள் வராவிட்டாலும் அந்த ஆயிரத்து ஐந்நூறும் இல்லை. வேலை நேரம், சாப்பாட்டு நேரத்தை விட்டு, ஐந்து நாள் எட்டு எட்டு மணித்தியாலம், ஆறாம் நாள் ஐந்து மணித்தியாலம். கிழமைக்கு நாற்பத்தைந்து. அதற்கு மேல் நின்றால் மணித்தியாலத்துக்கு ஒன்றரை மடங்கு. கிழமையில் ஒன்றரை நாள் ஓய்வு. முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம்; அதற்குள் வேலையை விட்டு நிற்பதானாலும் நிறுத்துவதானாலும் பதினாலு நாளைக்கு முன்னால் சொல்ல வேண்டும். நிரந்தரமான பிறகு ஒரு மாதத்துக்கு முன்னால் சொல்ல வேண்டும், இல்லையென்றால் ஒரு மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். இது இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான்.

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஆங்கிலக் கடிதத்தின் பந்தி இலக்கத்தைப் போட்டார். யாரும் சந்தேகப்பட்டால் தெரிந்தவரிடம் காட்டி ஒத்துப் பார்க்கலாம். தன் அபிப்பிராயம் என்று ஒரு சொல் சேர்க்கவில்லை. கொடுக்கும்போது மட்டும் ஒரு வேலை செய்வார். "இப்ப நீ எனக்குச் சொல்லு. ஒருநாள் வராட்டி உனக்கு எவ்வளவு வரும்?" என்று கேட்பார். பிள்ளை சரியாகச் சொன்னால்தான் தாள் கைமாறும்.

உதயரூபன் முதலில் பாய்ந்தார். "நபீஸா, உங்கள யார் இதெல்லாம் எழுதச் சொன்னது?"

"நான் எழுதல்ல சேர். கம்பனி எழுதினதத்தான் தமிழில வெச்சிரிக்கன். பிழையெண்டாச் சொல்லுங்க, வெட்டுறன்."

அவர் ஒத்துப் பார்த்தார். வெட்ட ஒன்றுமில்லை. இரண்டு மாதம் போனதும், சம்பள நாளில் சத்தம் போட யாரும் வராததைக் கண்டு அவருக்கே தாள் பிடித்துப்போனது. கடை முத்திரையை எடுத்து அடியில் குத்தி, கடிதத்தோடு சேர்த்துத் தானே கொடுக்கத் தொடங்கினார்.

இனி ஆர்த்திகாவின் கதைக்கு வருவோம். வாகரைப் பிள்ளை. தாயைச் சுனாமி கொண்டுபோனது. இருந்த வீட்டைச் சண்டை கொண்டுபோனது. முகாம் முகாமாய் அலைந்து கடைசியில் கல்குடாவில் தாய்மாமன் கனகசிங்கத்தோடு வந்து சேர்ந்தாள். கனகசிங்கம் வலைக்காரர். பிள்ளையைக் கடையில் கொண்டுவந்து விட்டவரும் அவர்தான். எங்கள் பக்கத்தில் கடை வேலைக்கு ஆள் எடுத்தால் பொறுப்பு நிற்க ஒருவர் வேண்டும். கொண்டுவந்து விட்டவர் எவரோ, வேலையை விட்டு நிற்பதென்றாலும் அவர்தான் வந்து முதலாளியிடம் சொல்ல வேண்டும். பிள்ளை தன் வாயால் சொன்னால் அது மரியாதைக் கேடு. அதை எழுதிக் கொடுப்பது இன்னும் மோசம். முறைப்பாடு வைக்கிற மாதிரி. நூறு வருடமாக நடக்கிற முறை.

ஆர்த்திகா ஒரு வருடம் நல்ல பேரோடு வேலை செய்தாள். பிறகு பாசிக்குடாவில் புதிதாய்த் திறக்க இருந்த ஹோட்டலில், உள்ளே இருக்கும் கடைக்கு ஆள் கேட்டார்கள். சம்பளம் ஒன்றரைப் பங்கு. வீட்டிலிருந்து சைக்கிளில் போகலாம். கனகசிங்கம் மே மாதம் முப்பதாம் திகதி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். மனேஜரைக் கும்பிட்டார். "தம்பி, பிள்ளை ஜூன் முப்பதோட வேலையால நிக்கும். ஒரு மாசம் இரிக்கி. அதுக்குள்ள ஆள் பாருங்க. குறை நினையாதீங்க" என்றார்.

"சரி ஐயா, பார்ப்பம்" என்றார் உதயரூபன். ஒரு கிழமையில் றிஸானா என்ற பிள்ளையை எடுத்து ஆர்த்திகாவின் பக்கத்தில் நிறுத்தி வேலை பழக்கினார். ஜூன் முப்பதாம் திகதி ஆர்த்திகா எல்லாருக்கும் லட்டு கொடுத்துவிட்டுப் போனாள்.

ஜூலை பத்தாம் திகதி சம்பளம் வாங்க வந்தபோது அவளுக்குச் சம்பள உறை இல்லை. தலைமையகம் அவளுடைய ஆவணக் கோவையைப் பார்த்திருக்கிறது. விலகல் கடிதம் இல்லை. முன்னறிவித்தல் இல்லாமல் விலகியவர் என்று பதிந்து, ஒரு மாதச் சம்பளத்தை அதற்கு ஈடாய் எடுத்துவிட்டார்கள். அப்படிப் போனவருக்கு, இங்கே வேலை செய்தவர் என்று அத்தாட்சி தரும் சேவைக் கடிதமும் கிடையாது. காசு போனால் போகட்டும் என்று விடலாம். ஹோட்டல்காரர்கள் சேவைக் கடிதத்தை இருபதாம் திகதிக்கு முன் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அது இல்லாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு பிள்ளை. இங்கே விட்டாயிற்று, அங்கேயும் போனால் ஆர்த்திகாவுக்கு இரண்டும் இல்லை.

அவள் நபீஸாவின் மேசைக்கு வந்து தாளை விரித்தாள். "அக்கா, நீங்க எழுதினபடிதானே செஞ்சம். ஒரு மாசத்துக்கு முன்ன சொல்லோணும் எண்டு போட்டிரிக்கி. மாமா வந்து சொன்னாரே."

நபீஸா ஆங்கிலக் கடிதத்தை எடுத்தார். ஒன்பதாம் பந்தி. ஒரு மாத முன்னறிவித்தல், எழுத்து மூலம். எழுத்து மூலம் என்ற சொல் அங்கே இருந்தது. தன் தாளைப் பார்த்தார். 'ஒரு மாதத்துக்கு முன்னால் சொல்ல வேண்டும்.' அந்தச் சொல் இங்கே இல்லை. சுருக்கும்போது எப்படியோ விழுந்திருந்தது. அவரும் ஓட்டமாவடிதானே. வேலையை விடுவதென்றால் பெரியவர் போய்ச் சொல்வார் என்பது அவருக்கும் தாய்ப்பாலோடு ஊறியது. அதனால் கண் அந்த இடத்தில் நிற்கவில்லை.

தெரியாத சொல்லைத் தாண்டாத மனுஷி, தெரிந்த சொல்லைத் தாண்டியிருந்தார். அன்று மத்தியானம் அவர் சோறு தின்னவில்லை. கொட்டில் படிவத்தை நீட்டியவர்களை எத்தனை தரம் ஏசியிருப்பார்! இப்போது தன் கையெழுத்தை நம்பி ஒரு பிள்ளை நடுத்தெருவில் நிற்கிறது.

"பிழை என்ட பிழை, ஆர்த்தி," என்றார். "உன்ட மாமாவும் பிழையில்ல, நீயும் பிழையில்ல. நான் ஒரு சொல்ல உட்டுட்டன்."

ஆர்த்திகா அழுதாள். நபீஸா அழவில்லை. அன்று பின்னேரமே கடையில் இருந்த பதினேழு பேரின் தாளையும் திருப்பி வாங்கினார். 'கடிதம் எழுதிக் கொடுத்து, பிரதியில் திகதியும் கையொப்பமும் வாங்கி வைக்க வேண்டும். வாயால் சொன்னால் போதாது' என்று திருத்திப் புதிதாய் எழுதினார். முந்தி விலகிப்போன இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களுக்கு இனி இது தேவையில்லை. ஆனாலும் அடுத்த நாளே பஸ் ஏறிப் போய், நான் எழுதியதில் இப்படி ஒரு பிழை இருந்தது, வேறு கடையில் வேலைக்குப் போனால் கவனம் என்று சொல்லிவிட்டு வந்தார். வீண் அலைச்சல் என்று ஊர் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு ஆர்த்திகாவையும் மாமனையும் கூட்டிக்கொண்டு மட்டக்களப்புத் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு எழுதிக் கொடுத்தார். இருபதாம் திகதிக் கதையைச் சொன்னதும், உத்தியோகத்தர் பதினெட்டாம் திகதிக்கு விசாரணை போட்டார். அழைப்புக் கடிதம் கடைக்கு வந்த அன்று உதயரூபன் நபீஸாவைத் தனியே கூப்பிட்டார்.

"நீங்க வந்து என்ன சொல்லப் போறீங்க?"

"நடந்தத சேர்."

"ஹெட் ஒஃபிஸ் உங்களத்தான் கேட்கும். மனேஜர் சொல்லாம தமிழில எழுதினது யாரெண்டு கேட்டா, நான் என்ன சொல்லுற? உங்கட வேல போனா நான் பொறுப்பில்ல. பிள்ளைட படிப்ப யோசிங்க."

நபீஸா யோசித்தார். யோசிக்காமல் இல்லை. பரீனாவுக்குப் பன்னிரண்டு வயது. வேறு வருமானம் கிடையாது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லப் போவதில்லை. படிக்காத பிள்ளை கடிதத்தை வாசிக்காமல் விட்டது என்று காரியம் முடிந்துவிடும். இரண்டு நாள் வழக்கம்போலக் கணக்கு எழுதினார். மூன்றாம் நாள் காலை பர்தாவைப் போட்டுக்கொண்டு மட்டக்களப்பு பஸ்ஸில் ஏறினார்.

விசாரணை ஒரு சின்ன அறையில் நடந்தது. தொழில் உத்தியோகத்தர் ஐம்பது வயதுப் பெண்மணி; மூக்கின் நுனியில் கண்ணாடி. மேசைக்கு ஒரு பக்கம் உதயரூபன். மறுபக்கம் ஆர்த்திகா, கனகசிங்கம், நபீஸா.

"மாமா வந்து உங்களிட்ட சொன்னவரா?" என்று உத்தியோகத்தர் மனேஜரைக் கேட்டார்.

"கடைக்குக் கனபேர் வருவாங்க மெடம். ஞாபகமில்ல. எழுத்தில ஒண்டும் தரேல்ல. கடிதத்தில எழுத்து மூலம் எண்டு தெளிவாயிருக்கு."

கனகசிங்கம் அவரை நிமிர்ந்து பார்த்தார். மரியாதையாய் வேட்டி கட்டிப் போய்ச் சொன்ன மனிதன். அந்தச் சொல் வந்ததே இல்லையாம்.

நபீஸா எழுந்து நின்றார். ஆர்த்திகாவிடம் இருந்த தன் பழைய தாளை மேசையில் வைத்தார். "மெடம், கடிதத்தில எழுத்து மூலம் எண்டு இரிக்கி. உண்ம. இந்தப் பிள்ளைக்கு இங்கிலீசு தெரியா. இத நம்பித்தான் நடந்தது. இத எழுதினது நான். அந்தச் சொல்ல உட்டது நான். மனேஜர் சேர் எழுதச் சொல்லவுமில்ல. பிழையில அவருக்குப் பங்குமில்ல. என்ன கேள்வியெண்டாலும் என்னக் கேளுங்க."

உத்தியோகத்தர் தாளை எடுத்து, ஆங்கிலக் கடிதத்தைப் பக்கத்தில் வைத்து, வரி வரியாய்ப் பந்தி இலக்கம் பார்த்து ஒத்துக்கொண்டு போனார். நேரம் எடுத்தது. கடைசியில் கண்ணாடியைக் கழற்றினார். "இருபத்திரண்டு வருசம் இந்த வேலையில இருக்கிறன். ஒரு கடையிலயும் இப்பிடி ஒரு தாள் நான் காணேல்ல" என்றார். பிறகு மனேஜர் பக்கம் திரும்பினார். "முத்திரை கடைட முத்திரையா?"

"ஓம் மெடம்."

"ஒப்பந்தம் எண்டா இங்கிலீசுக் கடிதம்தான். அதில சந்தேகமில்ல. ஆனா உங்கட முத்திரையோட நீங்க குடுத்த தாளில 'சொல்ல வேண்டும்' எண்டுதான் இருக்கு, அவங்க சொல்லியிருக்காங்க. அது ஒரு பக்கம் கிடக்கட்டும். இந்தப் பிள்ளைட இடத்துக்கு யார எடுத்தீங்க? எப்ப?"

"றிஸானா எண்டு ஒரு பிள்ள. ஜூன் ஆறு."

"ஜூன் முப்பதிலதானே இவ போனவ. போகப்போறா எண்டு ஆறாம் திகதி உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

உதயரூபன் கதிரையில் நெளிந்தார். கேள்வி இறுக்கியதுதான். ஆனால் அவர் பார்த்தது உத்தியோகத்தரை இல்லை. இன்னும் உட்காராமல் நின்ற நபீஸாவை. "ஐயா வந்து சொன்னவர் மெடம்" என்றார். "மே முப்பது. நான்தான் சரி எண்டனான். எழுதி வாங்கோணும் எண்டு எனக்கும் அப்ப தோணேல்ல. நானும் இந்த ஊர்தானே." கனகசிங்கத்தின் பக்கம் திரும்பி, "மன்னிச்சுக்கொள்ளுங்க ஐயா" என்றார். நல்ல மனிதனுக்கு அந்த வார்த்தை வர இவ்வளவு நேரம் எடுத்ததே என்று கோபம்தான் வருகிறது. ஆனாலும் வந்தது.

அங்கேயிருந்தே கொழும்புக்குத் தொலைபேசி போனது. வெளியே மாமரத்தடியில் நின்று, உதயரூபன் வழக்கம்போல விறைப்பாய்த்தான் பேசினார். அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்து, ஜூன் சம்பளம் தருகிறோம், சேவைக் கடிதம் நாளைக்கே தொலைநகலில் வரும் என்றார். ஆர்த்திகா நபீஸாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எல்லாம் முடிந்து எழும்பும் நேரம், உத்தியோகத்தர் பதிவுக்காகப் பேனையை எடுத்தார். "சாட்சியா உங்கட பேரையும் எழுதோணும். பதவி என்ன? உங்கட நியமனக் கடிதத்தக் கொஞ்சம் காட்டுங்க."

நபீஸா மேசையில் கிடந்த தாளை எடுத்து மடித்தார்.

"கொண்டுவரேல்லயா?"

"எனக்குத் தரல்ல மெடம்."

இருபது பேருக்குக் கடிதத்தை வாசித்து விளக்கியவருக்குக் கடிதம் இல்லை. கடை திறந்த அவசரத்தில் தற்காலிகமாய் எடுத்த ஆள். தலைமையகத்திலிருந்து வரும், வரும் என்று ஒரு வருடமும் பத்து மாதமும் போயிருந்தது. சம்பளம் உறையில் வரும், சேமலாப நிதி இல்லை. மற்றவர்களுக்காக மேசையில் தட்டிக் கேட்கிறவர் தனக்காகக் கேட்க வெட்கப்பட்டிருக்கிறார். அறையில் இருந்தவர்களில் அதிகம் வெட்கப்பட்டவர் அன்றும் அவர்தான்.

உத்தியோகத்தர் பேனையை மூடினார். கடை ஊழியருக்குச் சேர்ந்த நாளிலேயே விபரங்களை எழுத்தில் கொடுக்க வேண்டுமென்பது சட்டம், தற்காலிகம் என்று சொல்லித் தப்ப முடியாது என்றார். சேர்ந்த திகதியிலிருந்து கடிதமும், அந்தத் திகதியிலிருந்து சேமலாப நிதி நிலுவையும் வர வேண்டும், வராவிட்டால் அடுத்த விசாரணை இவருடையது என்று மனேஜரின் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

ஒன்பதாம் நாள் கடிதம் வந்தது. உதயரூபன் மேசைக்கு வந்து, இரண்டு கையாலும் கொடுத்தார். நபீஸா கடையில் திறக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய், கை கால் கழுவி, விளக்கடியில் உட்கார்ந்து பிரித்தார். நாலு பக்கம். எத்தனையோ தரம் வாசித்த அதே சொற்கள்தான். முதல் பக்கத்தில் சேர்ந்த திகதி இரண்டாயிரத்து ஒன்பது செப்டெம்பர் பதினாலு. மேலே அவருடைய முழுப்பெயர், எழுத்துப் பிழையில்லாமல். மூன்றாம் பக்கம் போனதும் அவர் நின்றுவிட்டார். கண் நிறைந்து எழுத்துத் தெரியவில்லை.

பக்கத்தில் படித்துக்கொண்டிருந்த பரீனா நிமிர்ந்தாள். "என்ன உம்மா? என்ன போட்டிரிக்கி?"

"கம்பனி என்ன வேலையால நிப்பாட்டுறண்டா," என்றார் நபீஸா, "ஒரு மாசத்துக்கு முன்னாடி எனக்கு எழுதித்தான் சொல்லோணுமாம் மகள். எனக்கு."